பதவி உயர்வுக்குப் பின் எழுதும் நன்றி மடல்

நிதியாண்டு முடிந்து புதிய ஆண்டு பிறக்கும் வேளையில், வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் பதவி உயர்வுப் பட்டியல்கள் வெளியாகின்றன. பட்டியலில் தம் பெயரைக் கண்டவர் முதலில் வீட்டாருக்குச் சொல்கிறார். அடுத்து, தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒருவர் அவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு நான்கு வரி எழுதலாம் என்று அமர்ந்தால் பேனா தயங்குகிறது. மிகுத்து எழுதினால் முகத்துதியாகத் தோன்றுமோ, குறைத்து எழுதினால் நன்றி மறந்ததாகத் தோன்றுமோ என்ற ஐயம் எழுகிறது. முடிவில் பலர், கைப்பேசியில் கூப்பிய கைகளின் படமொன்றை அனுப்பிவிட்டு அமைதி அடைகின்றனர்.

அத்தகைய மடல் ஒன்றை எழுதும் முறையை இவ்விதழில் ஆராய்வோம். நாம் வங்கிப் பணியில் இருப்பதால் எடுத்துக்காட்டையும் வங்கியிலிருந்தே அமைத்துக்கொள்கிறோம். வாடிக்கையாளர்களும் அவர்தம் மக்களும் வெவ்வேறு துறைகளில் பணிபுரிபவர்கள். ஆயினும் மேலதிகாரி, மதிப்பீட்டு அறிக்கை, தேர்வுக் குழு ஆகியவை எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவையே.

நன்றி எதற்கு உரியது?

தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் அதிகாரிகளின் பதவிகள் பல படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஸ்கேல்-1, ஸ்கேல்-2 என்று அவற்றைக் குறிப்பிடுவது வழக்கம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உயர்வதை, முந்தைய ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு அறிக்கைகள், விதிகள் கூறுமிடத்து எழுத்துத் தேர்வு, பலர் அமர்ந்த குழு நடத்தும் நேர்காணல் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. மதிப்பீட்டு அறிக்கையையும் ஓர் அதிகாரி எழுத, அவருக்கு மேலுள்ள மற்றோர் அதிகாரி மறுஆய்வு செய்கிறார். எனவே, தனியொருவர் மற்றொருவருக்குப் பதவி உயர்வு வழங்கினார் என்று கூறுவது உண்மைக்குப் பொருந்தாது.

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, "தங்களால்தான் எனக்கு இப்பதவி கிடைத்தது" என்ற தொடரை மீண்டும் படித்துப் பாருங்கள். எழுதியவர் அதனைப் பணிவு என்று எண்ணுகிறார். ஆனால் அத்தொடர், எழுதியவர் கருதாத இரு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, அந்தத் தேர்வில் ஒருவருடைய செல்வாக்கு வேலை செய்தது என்பது. இரண்டாவது, பட்டியலில் இடம்பெறாதவர்கள் அந்தச் செல்வாக்கு இல்லாமையால் பின்தங்கினர் என்பது. நன்றி செலுத்த விரும்பிய மனிதரின் நடுநிலைமையையே அத்தொடர் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 20-ஆம் விதி, பணி தொடர்பான நலன்களுக்காக மேலதிகாரிகள் மீது வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவதையும் பயன்படுத்த முயல்வதையும் தடை செய்கிறது. வங்கி அதிகாரிகளுக்கும் தனி நடத்தை ஒழுங்குமுறைகள் உள்ளன. நன்றி மடல் எழுதுவது குற்றமாகாது. ஆயினும், மடல் என்பது எழுத்தில் நிற்கும் சான்று. இன்று அன்பு மிகுதியால் எழுதிய ஒரு தொடர், நாளை அன்பற்ற ஒருவர் கைக்குச் சென்றால் வேறு பொருள் தரும்.

அவ்வாறாயின் நன்றி எதற்கு உரியது? வழிகாட்டி உண்மையாகவே கொடுத்த ஒன்றுக்கு உரியது. அவர் ஒரு வேலையைச் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்திருப்பார்; ஒரு கோப்பைப் படிக்கும் விதத்தை, ஒரு மனிதரிடம் பேசும் விதத்தைக் காட்டியிருப்பார். அது தேர்வுக் குழு தரக்கூடியது அன்று. அவர் மட்டுமே தந்தது. ஆகவே இம்மடலின் அடிப்படை விதி ஒன்றே: பதவி உயர்வு மடலுக்குரிய செய்தி, கற்பித்தலே நன்றிக்குரிய பொருள். இவ்விரண்டையும் பிரித்து வைத்தால், கட்டுப்பாடு தானே வந்துவிடும், கனிவுக்கும் குறைவிராது.

ஓர் எடுத்துக்காட்டு

பெண் அதிகாரி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மகாராஷ்டிரத்தின் இச்சல்கரஞ்சி நகரில் ஸ்கேல்-2 அதிகாரியாக, கிளையின் கடன் பிரிவில் பணியாற்றினார். இச்சல்கரஞ்சி விசைத்தறிகள் நிறைந்த ஊர். அவருடைய கிளை மேலாளர் மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். ஸ்கேல்-3 நிலையில் இருந்தவர். அவர் இப்போது நாகபுரியில் ஒரு மண்டல அலுவலகத்தில் பணிபுரிகிறார். இவ்வாண்டு இவ்விருவரும் தத்தம் அடுத்த படிக்கான தேர்வில் பங்கேற்றனர். அதிகாரி ஸ்கேல்-3 நிலைக்கு உயர்ந்து, குஜராத்தின் வதோதராவில் ஒரு கிளைக்கு மேலாளராக மாற்றப்பட்டார். மேலாளரின் பெயரோ ஸ்கேல்-4 பட்டியலில் இடம்பெறவில்லை. ஒரு காலத்தில் மேலும் கீழுமாக இருந்த இருவரும் இன்று ஒரே படியில் நிற்கின்றனர். நன்றி மடல் எழுதுவதற்கு இதைவிடக் கடினமான சூழல் இருக்க முடியாது. இதற்கு எழுதத் தெரிந்தால் எளிய சூழல்களுக்குத் தனிப் பாடம் தேவையில்லை.

பட்டியல் வெளியான அன்றிரவே அவர் எழுதிய முதல் வரைவு இவ்வாறு அமைந்திருந்ததாகக் கொள்வோம்:

"பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய ஐயா அவர்களின் திருவடிகளுக்கு,

தங்கள் அருளாசியாலும் பெருமுயற்சியாலும் எனக்கு ஸ்கேல்-3 கிடைத்துள்ளது என்பதை ஆனந்தக் கண்ணீருடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் இல்லையெனில் நான் இல்லை. தாங்கள் எனக்குத் தந்தைக்கும் மேலானவர். இச்சல்கரஞ்சியில் தங்களிடம் நான் கற்றவை எண்ணிலடங்கா. தங்களுக்கு இவ்வாண்டு ஸ்கேல்-4 கிடைக்காதது பெரும் அநீதி. அதை எண்ணி என் மகிழ்ச்சி பாதியாகிவிட்டது. இனி நாம் ஒரே நிலையில் இருந்தாலும் தாங்கள் என்றும் என் மேலாளரே. எனக்கு வதோதராவுக்கு மாற்றல் தந்துள்ளார்கள். மும்பைக்கு மாற்றிக் கிடைக்கத் தங்களால் இயன்றதைச் செய்ய வேண்டுகிறேன். சிறு அன்பளிப்பு ஒன்றும் அனுப்பியுள்ளேன். மறுக்காமல் ஏற்றருள வேண்டும்."

இவ்வரைவில் உள்ள அன்பு பொய்யன்று. எனினும் இதைப் பெறுபவர் மகிழ்வதற்கு முன் சங்கடப்படுவார். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரைவில் நேர்ந்த பிழைகள்

"தங்கள் பெருமுயற்சியால்" என்னும் சொற்றொடரை முன்பே ஆராய்ந்தோம். அவர் முயன்றதாக எழுத்தில் பதிவாகிறது. அவர் உண்மையில் முயலவில்லையெனில் அது பொய். முயன்றிருந்தாலோ, எழுத்தில் வரக்கூடாத செய்தி.

அடுத்தது, உறவுச் சொற்களும் வழிபாட்டுச் சொற்களும். தமிழில் மடல் எழுதும்போது "திருவடி", "தெய்வம்", "தந்தைக்கும் மேல்" ஆகியவை பழக்கத்தால் தாமாகவே வந்து அமர்கின்றன. வீட்டுப் பெரியவர்க்கு எழுதுகையில் அவை பொருந்தும். அலுவலக உறவிலோ, அவை பெறுபவரைப் பதில் சொல்ல இயலாத இடத்தில் நிறுத்துகின்றன. தந்தைக்கும் மேலானவர் என்று அழைக்கப்பட்டவர், அடுத்த முறை ஒரு கோப்பில் அவருடைய கருத்தை எவ்வாறு மறுப்பார்? அன்றியும், இச்சொற்கள் எவருக்கும் பொருந்துவன. எவருக்கும் பொருந்தும் சொல் இவருக்கென்று எதையும் சொல்வதில்லை. "கற்றவை எண்ணிலடங்கா" என்பதும் அவ்வாறே. எண்ணிலடங்காதவற்றுள் ஒன்றையேனும் எண்ணிச் சொல்லியிருந்தால், படிப்பவருக்கு அது நினைவில் நிற்கும்.

மூன்றாவது, அவருடைய பெயர் பட்டியலில் இல்லாமை பற்றிய தொடர்கள். ஆறுதல் கூறும் நோக்கம் நல்லதே. ஆனால், ஆறுதலை அவர் கேட்கவில்லை. வென்றவர் மடலில் தம் தோல்வியைப் படிப்பது, அது எவ்வளவு கனிவாக எழுதப்பட்டிருந்தாலும், அவருக்கு மற்றுமொரு முறை அதை நினைவூட்டும். "அநீதி" என்ற சொல் தேர்வுக் குழுவின் மேல் குற்றமும் சுமத்துகிறது. "ஒரே நிலையில் இருந்தாலும்" என்பது பணிவாகத் தொடங்கி, ஒப்பீடாக முடிகிறது. இவ்விடத்தில் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. சொல்லாமல் விடுவதே மரியாதை. பின்னொரு நாள் நேரில் காணும்போது அவரே அப்பேச்சை எடுத்தால், அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

நான்காவது, மாற்றலுக்கான வேண்டுகோள். நன்றிக்குப் பின் ஒரு வேண்டுகோள் வந்தவுடன், முன்னால் எழுதிய நன்றி முழுவதும் அதற்கான முன்னுரையாகிவிடுகிறது. வேண்டுகோள் நியாயமானதாக இருந்தாலும் அதற்குரிய வழி, உரிய அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பமே.

ஐந்தாவது, அன்பளிப்பு. மேற்கூறிய 1964-ஆம் ஆண்டு விதிகளின் 13-ஆம் விதி, அரசு ஊழியர்கள் அன்பளிப்புப் பெறுவதற்கு எல்லை வகுக்கிறது. தற்செயலாக அமையும் ஒரு வேளை உணவையும் இயல்பான விருந்தோம்பலையும் அது அன்பளிப்பாகக் கருதுவதில்லை. வங்கி அதிகாரிகளும் தத்தம் நடத்தை ஒழுங்குமுறைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பொருள் வந்து சேர்ந்தபின் அதைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்ற கவலையைப் பெறுபவர் மேல் ஏற்றுவது நன்றியாகாது. இனிப்பு வழங்க விரும்புபவர் தம் கிளையில் அனைவருக்கும் வழங்கலாம். மடலோடு மடல் மட்டும் போகட்டும்.

கற்றது என்ன?

இனி, மடலின் நடுப்பகுதிக்கு வருவோம். எதைக் கற்றோம் என்பதை ஒரு நிகழ்ச்சியாக எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வரும் அதிகாரி கற்றது, சரக்கு அறிக்கையைப் படிக்கும் முறை. வாசகர்களுள் தொழில் நடத்துவோர் இதனை அறிவர்; பிறருக்காகச் சற்று விளக்குவோம்.

கேஷ் கிரெடிட் என்னும் நடைமுறை மூலதனக் கடன் பெற்றவர், தம் கையிருப்புச் சரக்கின் மதிப்பை வங்கிக்கு அறிக்கையாகத் தருகிறார். அதைக் கொண்டே அவர் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது கணக்கிடப்படுகிறது. ஒரு நெசவுக்கூடத்தின் அறிக்கை நூலும் துணியும் சேர்த்து 40 லட்சம் ரூபாய் என்று காட்டுவதாகக் கொள்வோம். நூல் வாங்கிய வகையில் இன்னும் கொடுக்க வேண்டியது 12 லட்சம். எஞ்சுவது 28 லட்சம். அதில் 25 விழுக்காடு உரிமையாளரின் பங்காக ஒதுக்கப்பட்டால், 7 லட்சம் போக, எடுக்கத் தகுந்த தொகை 21 லட்சம். உண்மையில் சரக்கு 24 லட்சமே இருந்தால், இதே கணக்கின்படி எடுக்கத் தகுந்தது 9 லட்சம்தான். இடைப்பட்ட 12 லட்சத்துக்குப் பின்னால் சரக்கு எதுவும் இல்லை. அது வைப்பாளர்களின் பணம்.

ஆகவே அறிக்கையை அப்படியே ஏற்காமல் வேறொரு தாளோடு ஒப்பிட வேண்டும். விசைத்தறிக்கு அத்தகைய தாள் மின் கட்டண ரசீது. துணி இருப்பு மாதந்தோறும் கூடுவதாக அறிக்கை கூற, செலவான மின்சார யூனிட்டுகள் பாதியாகக் குறைந்திருந்தால், நேரில் சென்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது ஏமாற்று என்று உடனே முடிவு கட்டுவதற்கும் இல்லை. துணியை வெளியே கூலிக்கு நெய்து வாங்கியிருக்கலாம். கேட்டால்தான் தெரியும். இதைக் கற்றுக்கொடுத்தவர் அந்த மேலாளர்.

நிகழ்ச்சியை எழுதும்போது வங்கியாளர் ஒன்றை மறத்தல் கூடாது. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் வாடிக்கையாளரின் விவகாரங்களை மறைவாகக் காக்கக் கடமைப்பட்டவை என்று, வங்கிகளைக் கையகப்படுத்திய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே மடலில் வாடிக்கையாளரின் பெயரோ, நிறுவனத்தின் பெயரோ, கடன் தொகையோ வருதல் ஆகாது. மருத்துவர், வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகியோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நிகழ்ச்சி விளங்க வேண்டும். அதில் உள்ள மூன்றாம் மனிதர் அடையாளம் தெரியக்கூடாது.

திருத்திய மடல்

பொறுப்பேற்றபின், மனம் அடங்கிய நிலையில், அதே அதிகாரி எழுதிய மடல் இது:

வதோதரா,
ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு ஸ்கேல்-3 பதவி உயர்வு வழங்கப்பட்டு, இங்கே ஒரு கிளையின் மேலாளராகச் சென்ற வாரம் பொறுப்பேற்றேன். இச்செய்தியைத் தங்களுக்கு நானே எழுதித் தெரிவிக்க விரும்பினேன்.

இச்சல்கரஞ்சிக் கிளையில் கடன் பிரிவுக்கு வந்த முதல் மாதம், ஒரு நெசவுக்கூடத்தின் சரக்கு அறிக்கையைச் சரியென்று குறித்துத் தங்களிடம் கொண்டுவந்தேன். தாங்கள் கடிந்துகொள்ளவில்லை, மூன்று மாத மின் கட்டண ரசீதுகளை வாங்கிவரச் சொன்னீர்கள். அறிக்கையில் துணி இருப்பு ஏறியிருந்தது. ரசீதில் யூனிட்டுகள் பாதியாக இறங்கியிருந்தன. "தறி ஓடாவிட்டால் மீட்டரும் ஓடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் என்னையும் உடன் அழைத்துக்கொண்டு அங்கே சென்றீர்கள்.

உரிமையாளரிடம் தாங்கள் குரலை உயர்த்தவில்லை. தறிகள் ஏன் நின்றன என்று கேட்டு, அவர் சொன்னதை இறுதிவரை கேட்டீர்கள். கணக்கை ஐயுறும்போதே மனிதரை மதிக்கவும் முடியும் என்பதை அன்று கண்டேன்.

அதன்பின் எந்த அறிக்கையையும் மற்றொரு தாளோடு ஒப்பிடாமல் நான் கையொப்பமிட்டதில்லை. இங்கே கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்துள்ள இளைஞருக்கும் மின் கட்டண ரசீதிலிருந்தே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அன்று எனக்காகத் தாங்கள் ஒதுக்கிய நேரத்திற்கு என் உளமார்ந்த நன்றி. தங்களுக்கும் இல்லத்தார்க்கும் என் வணக்கம்.

தங்கள் உண்மையுள்ள,

இதன் கீழ் அவர் கையொப்பம். மடல் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

மடல் எவ்வாறு அமைந்துள்ளது?

பதவி உயர்வுக்கு முதற்பத்தியில் ஒரே ஒரு வாக்கியம். "வழங்கப்பட்டு" என்னும் சொல்லைக் கவனியுங்கள். யார் வழங்கினார் என்று அது கூறவில்லை. நிறுவனம் வழங்கியது என்பதே பொருள். "நானே எழுதித் தெரிவிக்க விரும்பினேன்" என்னும் தொடரில் கனிவு இருக்கிறது. சுற்றறிக்கையில் எல்லோரும் படிக்கும் செய்தியை இவருக்குத் தனியே சொல்ல வேண்டும் என்று ஒருவர் எண்ணினார் என்பது, எந்த அடைமொழியையும்விட அதிகம் சொல்கிறது.

நடுப்பகுதியில் புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. அவர் செய்ததும் சொன்னதும் மட்டும் உள்ளன. அவர் சொன்ன ஒரு தொடரை அவர் சொற்களிலேயே திருப்பிச் சொன்னது, அதை மறக்கவில்லை என்பதற்குச் சான்று. அவரே அதை மறந்திருக்கவும் கூடும். ஓர் ஆசிரியர் எதைச் சொன்னபோது மாணவர் கற்றார் என்பது பெரும்பாலும் ஆசிரியருக்குத் தெரிவதில்லை. இம்மடல் அதைத் தெரிவிக்கிறது. பட்டியலில் தம் பெயரைக் காணாத ஓர் ஆண்டில், தம் வேலை எங்கோ ஒரு கிளையில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் அறிகிறார். ஆறுதல் என்னும் சொல்லை எழுதாமலேயே மடல் அப்பணியைச் செய்துவிடுகிறது.

நான்காம் பத்தியில், கற்றது பயன்பட்டதும் மற்றொருவருக்குக் கைமாறியதும் சொல்லப்படுகின்றன. இவை உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். இன்னும் தொடங்காததைத் தொடங்கியதாக எழுதலாகாது. நன்றி என்னும் சொல் இறுதியில் ஒரு முறை மட்டும் வருகிறது. எதற்கு நன்றி? பதவிக்கன்று, ஒதுக்கிய நேரத்திற்கு. அதை அவர் மறுக்கவும் முடியாது, அதனால் எவரும் குறை காணவும் முடியாது.

எப்போது, எவ்வழியில்?

பட்டியல் வரப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு எழுதுதல் கூடாது. ஆணை வந்தபின்னும் சற்றுப் பொறுப்பது நல்லது. குடும்பச் சூழல் கருதி, மாற்றலோடு வரும் பதவி உயர்வை ஏற்காமல் விடுவோரும் உண்டு. புதிய இடத்தில் பொறுப்பேற்று இரண்டு மூன்று வாரங்களுக்குள் எழுதுவது பொருத்தம். அதற்கு மேலும் தாழ்த்தினால், பிறர் வாயிலாகச் செய்தி அவரை அடைந்துவிடும். "நானே தெரிவிக்க விரும்பினேன்" என்ற தொடர் பொருளிழந்துவிடும்.

கைப்பட எழுதி அஞ்சலில் அனுப்பலாம். சொந்த மின்னஞ்சலிலும் எழுதலாம். அலுவலக மின்னஞ்சல் வேண்டா. அது நிறுவனத்தின் ஆவணம். வேறெவருக்கும் நகல் அனுப்புதல் ஆகாது. நகல் பெறுபவர் ஒருவர் இருந்தால், மடல் அவருக்காகவும் எழுதப்பட்டதாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்தியவர்களுக்கு அங்கேயே பொதுவாக ஒரு வரி நன்றி போதும். வழிகாட்டியின் பெயரை அங்கே தனித்துக் கூறினால், அவர் பலர் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியவராகிறார். அவர் தமிழறியாதவராயின், இருவரும் பணியிடத்தில் எம்மொழியில் பேசினீர்களோ அம்மொழியில் எழுதுங்கள். அவர் அன்று சொன்ன தொடர் அம்மொழியில்தான் அவருக்குரியதாக ஒலிக்கும்.

இம்முறை பொருந்தாத ஒரு சூழலும் உண்டு. வழிகாட்டி இன்னும் உங்கள் மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் நிலையில் இருந்தால், நீண்ட மடல் எவ்வளவு உண்மையானதாயினும் அடுத்த ஆண்டு மதிப்பெண்ணுக்கான முதலீடாகத் தோன்றும். அப்போது நேரில் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள், மடலை ஒத்திவையுங்கள். இருவருள் ஒருவர் வேறிடம் மாறியபின் எழுதும்போது, அதில் எதிர்பார்ப்பு இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

அனுப்புமுன் மூன்று சோதனைகள்

முதலாவது, பதவி உயர்வு பற்றிய வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மடலைப் படியுங்கள். எஞ்சியது தனியே நின்றால் மடல் சரி. ஒன்றும் எஞ்சவில்லையெனில், நன்றி பதவிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, பெறுபவரின் பெயரை மாற்றி வேறொரு மேலதிகாரிக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியுமாயின், நிகழ்ச்சி இன்னும் எழுதப்படவில்லை.

மூன்றாவது, உங்களோடு அதே நேர்காணலுக்குச் சென்று தேர்வு பெறாத நண்பர் ஒருவர் இதைப் படிப்பதாக எண்ணுங்கள். எந்தத் தொடரில் அவர் நிமிர்ந்து பார்ப்பாரோ அந்தத் தொடரை எடுத்துவிடுங்கள்.

அனுப்பியபின் வரும் மறுமொழியும் ஓர் அளவுகோலே. "இதில் என் பங்கு ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் உழைப்பு" என்று மட்டும் அவர் எழுதினால், மடல் பதவிக்கான நன்றியாகவே அவரை அடைந்திருக்கலாம். "அந்த நெசவுக்கூடத்துக்காரர் பிறகு எப்படி இருக்கிறார்?" என்று அவர் கேட்டால், மடல் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. மறுமொழியே வராமலும் போகலாம். அதற்காக மீண்டும் எழுதிக் கேட்க வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. இத்தகைய மடலில் எழுதுவதற்குக் கடினமான பகுதி நிகழ்ச்சியே. ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின், யார் என்ன சொன்னார், எந்தத் தாளைக் கேட்டார் என்பன மங்கிவிடுகின்றன. "பல கற்றேன்" என்பது மட்டும் எஞ்சுகிறது. இவ்வாண்டு பட்டியலில் பெயர் இல்லாதவரும் இன்று இதைச் செய்யலாம். உங்களுக்கு ஒருவர் ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்த நாளன்று, அவர் சொன்ன சொற்களை அப்படியே நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி, தேதியையும் இட்டு வையுங்கள். மடல் எழுதும் காலம் வரும்போது, அந்த ஒரு வரியே அதன் பெரும்பகுதியாக அமையும்.